ஒரு விரிவுரை, ஒரு தாள்: லப்லாஸ் சோடிகளும் பிளாக் வரைபடச் சுருக்கமும்

உயர்தரத்தைத் தமிழில் படித்துவிட்டுப் பொறியியல் பீடத்துக்குள் வரும் பிள்ளைக்குக் கட்டுப்பாட்டுத் தொகுதிகள் பாடத்தில் இரண்டு மொழிகளை ஒரே நேரத்தில் பிடிக்க வேண்டியிருக்கிறது. ஒன்று ஆங்கிலம், மற்றது `s`. விரிவுரை முடியும்போது கைபேசியில் வெண்பலகைப் படங்கள் நாற்பதும் கொப்பியில் பாதி வரிகளும் இருக்கும். 101 பஸ்ஸில் வெள்ளவத்தைக்குத் திரும்பி வருவதற்குள் எந்தப் படம் எதற்குப் பிறகு என்பது மறந்துவிடும். அந்த நாற்பது படங்களை ஒரு ஏ4 தாளாக்குவது எப்படி என்பதுதான் இந்தப் பதிவு. தாளின் முன்பக்கத்தில் உருமாற்றச் சோடி அட்டவணை, பின்பக்கத்தில் பிளாக் வரைபடத்தைச் சுருக்கும் வழி.

எடுத்துக்கொள்ளும் விரிவுரை வழக்கமானது: டிசி மோட்டாரால் ஒரு தண்டின் கோணத்தைக் கட்டுப்படுத்துவது, அதோடு வேகத்தை அளக்கும் டாக்கோஜெனரேட்டரிலிருந்து ஓர் உட்பின்னூட்டல். இந்த ஒரே உதாரணத்தில் அட்டவணையும் சுருக்கமும் ஒன்றையொன்று சரிபார்க்கின்றன. அதனால்தான் இரண்டையும் ஒரே தாளில் வைக்கச் சொல்கிறேன்.

எதை எடுப்பது, எதை விடுவது

பாடநூலின் பின்னிணைப்பில் இருக்கும் நீண்ட அட்டவணையை அப்படியே பிரதி எடுத்தால் அது உங்கள் அட்டவணை ஆகாது. தேவையான வரியைத் தேடுவதற்கே நேரம் போய்விடும். விரிவுரைப் படங்களை வரிசைப்படுத்திக்கொண்டு, `t` இலிருந்து `s` இற்கோ `s` இலிருந்து `t` இற்கோ கடக்கும் இடங்களை மட்டும் வட்டமிடுங்கள். இரண்டு மணிநேர விரிவுரையில் அப்படிப்பட்ட இடங்கள் பத்துப் பன்னிரண்டுக்கு மேல் வராது. அவற்றிலும் பல ஒன்றின் வேடங்களே.

`e^(-at)` வரியில் `a = 0` இட்டால் ஸ்டெப் கிடைக்கும். `t e^(-at)` வரியில் அப்படியே செய்தால் ரேம்ப். தணியும் சைனில் `a = 0` இட்டால் வெறும் சைன். ஆக சைன், கோசைன், ரேம்ப் மூன்றுக்கும் தனி வரி வேண்டாம். ஸ்டெப்பை மட்டும், ஒவ்வொரு கணக்கிலும் வருவதால், தனியாக எழுதிவைக்கலாம். கடைசியில் மிஞ்சுவது இவ்வளவுதான்:

| `f(t)`, `t ≥ 0` | `F(s)` | `f(0+)` |
|---|---|---|
| `u(t)` | `1/s` | `1` |
| `e^(-at)` | `1/(s+a)` | `1` |
| `t e^(-at)` | `1/(s+a)^2` | `0` |
| `e^(-at) sin(wt)` | `w/((s+a)^2 + w^2)` | `0` |
| `e^(-at) cos(wt)` | `(s+a)/((s+a)^2 + w^2)` | `1` |
| `df/dt` | `sF(s) - f(0-)` | |
| `0` இலிருந்து `t` வரை தொகையீடு | `F(s)/s` | `0` |

மூன்றாவது நிரல் அலங்காரத்துக்கு அல்ல. `s` முடிவிலியை நோக்கிப் போகும்போது `sF(s)` எதை அணுகுகிறதோ அதுதான் `f(0+)`. சைன் வரியையும் கோசைன் வரியையும் மாற்றி எழுதிவிட்டால் இந்த நிரல் உடனே காட்டிக்கொடுக்கும். சைன் பூச்சியத்தில் தொடங்க வேண்டும், கோசைன் ஒன்றில் தொடங்க வேண்டும். நள்ளிரவில் எழுதிய அட்டவணையைக் காலையில் சரிபார்க்க இதைவிட வேகமான வழி கிடையாது. அதிலும் திருப்தி வராதவர்கள் ஒவ்வொரு வரியையும் கணினியில் போட்டுப் பார்க்கலாம்:

```
from sympy import *
t, s = symbols('t s', positive=True)
f = exp(-2*t)*sin(4*t)
F = laplace_transform(f, t, s, noconds=True)
print(simplify(F - 4/((s+2)**2 + 16)))
```

விடை `0` வந்தால் வரி சரி. வேறுபாட்டை எடுத்துப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. கணினி தரும் வடிவமும் நீங்கள் எழுதிய வடிவமும் பார்வைக்கு வேறாக இருந்தாலும் ஒன்றாக இருக்கலாம்.

பெறுதி வரியில் உள்ள `f(0-)` ஐப் பலர் தாளில் எழுதாமல் விடுகிறார்கள். விரிவுரையாளர் "ஆரம்ப நிலைகள் பூச்சியம்" என்று ஒரு தடவை சொல்லிவிட்டு அதன்பின் அந்த உறுப்பை எழுதுவதே இல்லை என்பதால் வரும் பழக்கம் இது. ஆனால் டிரான்ஸ்ஃபர் ஃபங்ஷன் என்ற பொருளே அந்த எடுகோளின் மேல்தான் நிற்கிறது. மோட்டாரின் சமன்பாடு `dω/dt + 2ω = v` என்று வைத்துக்கொள்வோம். இதிலிருந்து `1/(s+2)` என்ற பிளாக் கிடைப்பது மோட்டார் ஓய்விலிருந்து தொடங்கினால்தான். செக்கனுக்கு 3 ரேடியனில் ஏற்கெனவே சுழன்றுகொண்டிருந்தால் விடையோடு `3e^(-2t)` என்ற உறுப்பு சேரும். அதைக் காட்ட அந்தப் பிளாக்கில் இடமில்லை. ஆகவே `f(0-)` ஐ அட்டவணையில் வைத்திருங்கள். பிளாக் வரைபடத்துக்குள் போகும்போது தெரிந்தே கைவிடுங்கள்.

வரைபடத்தைத் தாளுக்குக் கொண்டுவருவது

விரிவுரையின் வரைபடம் இது. பெருக்கி 20, மோட்டார் `1/(s+2)`, வேகத்தைக் கோணமாக்கும் தொகையி `1/s`, டாக்கோ 2.

```
R -->(+)-->[20]-->(+)-->[1/(s+2)]--*-->[1/s]--*--> C
     (-)          (-)              |          |
      |            +------[2]------+          |
      +---------------------------------------+
```

சுருக்கத் தொடங்குமுன் ஒவ்வொரு கம்பிக்கும் பெயர் வையுங்கள். முதல் கூட்டும் புள்ளிக்குப் பிறகு `E`, இரண்டாவதற்குப் பிறகு `M`, மோட்டாருக்குப் பிறகு `W`. பிறகு வரைபடத்தைச் சமன்பாடாக எழுதுங்கள்:

```
E = R - C
M = 20E - 2W
W = M/(s+2)
C = W/s
```

இந்த நான்கு வரிகளும்தான் உண்மையான வரைபடம். படம் அவற்றின் நிழல். சுருக்கும்போது எந்த இடத்திலாவது ஐயம் வந்தால் இந்த வரிகளுக்குத் திரும்பிவந்து பிரதியிடலாம். வெண்பலகைப் படத்தில் கழித்தல் குறி மங்கலாக இருந்தால் அதைத் தீர்க்க வேண்டிய நேரமும் இதுதான். படம் தெளிவில்லை என்று ஊகத்தில் கூட்டல் போட்டுவிட்டால் பிறகு எந்த விதியும் காப்பாற்றாது.

இங்கே நேர்வழி சுலபம். உள்வளையம் யாரோடும் பின்னிக்கொள்ளாமல் தனியாக இருக்கிறது. மறைப் பின்னூட்டலுக்கான சூத்திரம் `G/(1+GH)`. மோட்டாரையும் டாக்கோவையும் அதில் இட்டால் `1/(s+2+2)`, அதாவது `1/(s+4)`. முன்பாதை `20/(s(s+4))` ஆகிறது. வெளிவளையத்தையும் மூடினால்:

```
C/R = 20/(s^2 + 4s + 20)
```

விரிவுரையில் இதோடு முடித்திருப்பார்கள். வழிகாட்டித் தாளில் இதோடு முடிக்கக் கூடாது என்பது என் திடமான கருத்து. பரீட்சையில் வரும் வரைபடங்களில் வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்று பின்னியிருக்கும், புள்ளிகளை நகர்த்தாமல் அவற்றை அவிழ்க்க முடியாது. நகர்த்தும் விதிகளை விடை தெரிந்த வரைபடத்தில் பழகுவதுதான் நல்லது. பிழை விட்டால் உடனே தெரிந்துவிடும்.

அதே வரைபடம், சுற்றுவழியில்

`W` இலுள்ள பிரியும் புள்ளியை `1/s` பிளாக்கைத் தாண்டி `C` இற்கு நகர்த்துவோம். டாக்கோ இப்போது வேகத்துக்குப் பதிலாகக் கோணத்தை எடுக்கிறது. ஆனால் திருப்பி அனுப்ப வேண்டிய சமிக்ஞை அதேதான், `2W`. `W = sC` ஆகையால் டாக்கோ பிளாக் `2s` ஆக வேண்டும். பிரியும் புள்ளி ஒரு பிளாக்கின் பின்னால் போனால் கிளைப் பாதையை அந்தப் பிளாக்கால் வகுக்க வேண்டும், முன்னால் வந்தால் பெருக்க வேண்டும் என்ற விதி இதிலிருந்து வருகிறது. விதியை மனப்பாடம் செய்பவர்கள் பெருக்கலையும் வகுத்தலையும் மாற்றிவிடுகிறார்கள். "கிளையில் முன்பு என்ன ஓடியது, இப்போதும் அதுவே ஓடுகிறதா" என்று கேட்பவர்கள் மாற்றுவதில்லை. தாளில் விதிக்குப் பக்கத்தில் இந்தக் கேள்வியையும் எழுதிவையுங்கள்.

அடுத்து, இரண்டாவது கூட்டும் புள்ளியை 20 என்ற பெருக்கியின் முன்னால் கொண்டுவருவோம். அங்கே கழிக்கப்படும் எதுவும் இனிமேல் 20 ஆல் பெருக்கப்படும். ஆகவே வரும் பாதையை முன்கூட்டியே 20 ஆல் வகுத்துவிட வேண்டும்: `2s/20 = 0.1s`. இப்போது இரண்டு கூட்டும் புள்ளிகளும் அடுத்தடுத்து நிற்கின்றன, இரண்டு பின்னூட்டல்களும் `C` இலிருந்தே வருகின்றன. ஆகவே அவை சமாந்தரம், கூட்டினால் `H = 1 + 0.1s`. முன்பாதை `20/(s(s+2))`. சூத்திரத்தில் இட்டால் பகுதியெண் `s^2 + 2s + 20 + 2s`. முந்திய விடையே வருகிறது.

இங்கேதான் பிழைகள் வெளிப்படுகின்றன. பிரியும் புள்ளியை நகர்த்திவிட்டு டாக்கோவை `2` என்றே விட்டால் விடை `20/(s^2 + 2s + 22)` ஆகும். பார்வைக்கு நியாயமான கோவைதான், ஆனால் `s = 0` இட்டால் 0.909 வருகிறது. முன்பாதையில் ஒரு தொகையி இருக்கிறது, வெளிப்பின்னூட்டல் 1, டாக்கோவோ ஓய்வில் எதுவும் அனுப்பாது. அப்படியானால் ஸ்டெப் உள்ளீட்டுக்கு நிலைத்த விடை 1 ஆகத்தான் இருக்க வேண்டும். 0.909 என்பது டாக்கோ கோணத்தை அளப்பதாகக் கணக்குப் போட்டிருக்கிறோம் என்பதன் அடையாளம்.

இன்னொரு பிழை இதைவிட நுட்பமானது. `1 + 0.1s` ஐப் பின்னூட்டல் பாதையில் வைக்காமல் முன்பாதையில், முதல் கூட்டும் புள்ளிக்குப் பிறகு வைத்துவிட்டால் கிடைப்பது `(2s+20)/(s^2+4s+20)`. பகுதியெண் அப்படியே சரி, `s = 0` இலும் 1 வருகிறது. இரண்டு சோதனைகளையும் தாண்டிவிட்ட பிழை. பிடிப்பதற்கு அட்டவணையின் மூன்றாவது நிரலுக்குப் போக வேண்டும். ஸ்டெப் விடையின் ஆரம்பச் சாய்வு, `s` முடிவிலியை அணுகும்போது `s × C/R` இன் எல்லை. சரியான விடைக்கு அது பூச்சியம், பிழையான விடைக்கு 2. ஓய்விலிருக்கும் மோட்டாருக்கு முடிவுள்ள வோல்ற்றளவைக் கொடுத்தால் கோணம் உடனடியாக வேகம் பிடிக்க முடியாது, ஆகவே 2 என்பது இந்த வரைபடத்தின் விடை அல்ல. ஒரு வளையத்தில் பிளாக்குகளை எங்கே வைத்தாலும் பகுதியெண் மாறாது. தொகுதியெண் மட்டும்தான் முன்பாதையில் என்ன இருக்கிறது என்பதைச் சொல்லும்.

அதே காரணத்தால் ஒரு நல்ல சோதனையும் கிடைக்கிறது. தண்டில் சுமை ஏறுவதை `M` இல் சேரும் குழப்பம் `D` ஆக எடுத்து, `R = 0` இட்டுச் சுருக்கினால் `C/D = 1/(s^2 + 4s + 20)`. பகுதியெண் பழையதேதான். ஒரே வரைபடத்தில் இரண்டு உள்ளீடுகளுக்கு இரண்டு வேறு பகுதியெண்கள் வந்து, அந்த வித்தியாசம் பொதுக் காரணிகளை வெட்டியதால் வரவில்லை என்றால், எங்கோ நகர்த்தலில் பிழை. அலகு ஸ்டெப் குழப்பத்துக்கு நிலைத்த விலகல் 1/20, அதாவது 0.05.

தாளில் சிவப்பு மையில் எழுத வேண்டியது ஒன்று உண்டு: கூட்டும் புள்ளியையும் பிரியும் புள்ளியையும் ஒன்றையொன்று தாண்டவைக்காதீர்கள். இரண்டு கூட்டும் புள்ளிகள் அடுத்தடுத்து இருந்தால் இடம் மாற்றலாம். இரண்டு பிரியும் புள்ளிகளையும் மாற்றலாம். கலப்பில் மாற்றினால் கிளையில் ஓடும் சமிக்ஞையே வேறாகிவிடும். அதைச் சரிக்கட்ட இன்னொரு கூட்டும் புள்ளி சேர்க்க வேண்டிவரும், வரைபடம் சுருங்காமல் பெருகும். அப்படி ஓர் இடத்தில் மாட்டிக்கொண்டால் வேறு புள்ளியை வேறு திசையில் நகர்த்திப் பாருங்கள், அல்லது 1956 இல் மேசன் தந்த சூத்திரத்துக்குப் போங்கள். நம் வரைபடத்தில் வளையங்கள் இரண்டு: `-2/(s+2)`, `-20/(s(s+2))`. இரண்டும் மோட்டார் பிளாக்கைப் பகிர்வதால் தொட்டுக்கொள்கின்றன, பெருக்க உறுப்பு இல்லை. ஒரே முன்பாதை. இரண்டு வரியில் அதே விடை.

கணினியில் சரிபார்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஆக்டேவில் இப்படி எழுதுங்கள்:

```
pkg load control
s = tf('s');
inner = feedback(1/(s+2), 2);
T = feedback(20*inner/s, 1)
```

`feedback` என்பதற்குப் பதிலாக `G/(1+G)` என்று நேரடியாகத் தட்டினால் ஒரே காரணி மேலும் கீழும் வெட்டப்படாமல் நின்று இரண்டாம் படி நான்காம் படியாகத் தெரியும். விடை பிழையில்லை, `minreal` போட்டால் சுருங்கிவிடும். ஆனால் கையால் செய்ததோடு ஒப்பிடும்போது கலங்கிப்போவீர்கள்.

திரும்பவும் முன்பக்கத்துக்கு

அலகு ஸ்டெப் கொடுத்தால் `C = 20/(s(s^2+4s+20))`. பகுதிப் பின்னமாக்கினால் `1/s - (s+4)/(s^2+4s+20)`. இணைந்த கணிதத்தில் செய்த அதே பகுதிப் பின்னமும் அதே வர்க்கப்பூர்த்தியும்தான் இங்கே வேலை செய்கின்றன, மாறி மட்டும் `s`. பகுதியெண் `(s+2)^2 + 16`, ஆக `a = 2`, `w = 4`. பலர் தடுமாறும் படி இனித்தான் வருகிறது. மேலே இருப்பது `s+4`, அட்டவணையின் கோசைன் வரி கேட்பது `s+2`. ஆகவே `s+4` ஐ `(s+2) + 2` என்று பிரிக்க வேண்டும். மிஞ்சிய 2 சைன் வரிக்குப் போகிறது. சைன் வரி மேலே `w = 4` ஐ எதிர்பார்க்கிறது, கையிலிருப்பதோ 2. ஆகவே கெழு 2/4:

```
c(t) = 1 - e^(-2t) (cos 4t + 0.5 sin 4t)
```

கெழுவை 0.5 என்பதற்குப் பதில் 2 என்று எழுதிவிட்டால் `c(0)` இன்னும் பூச்சியம்தான், பிழை தெரியாது. சாய்வைப் பாருங்கள். கெழு `B` ஆனால் `t = 0` இல் சாய்வு `2 - 4B`. 0.5 இற்குப் பூச்சியம், 2 இற்கு −6. தண்டு முதலில் எதிர்ப்பக்கம் சுழல்கிறது என்று சொல்லும் விடையை நம்ப வேண்டாம்.

டாக்கோவின் பயனும் இங்கே எண்ணாகத் தெரிகிறது. உச்சம் வரும் நேரம் π/4, ஏறக்குறைய 0.79 செக்கன். ஓவர்ஷூட் `e^(-π·2/4)`, அதாவது 20.8 சதவீதம். டாக்கோவைக் கழற்றினால் பகுதியெண் `s^2 + 2s + 20`, ஓவர்ஷூட் 48.6 சதவீதம். தணிப்பு விகிதம் 0.447 இலிருந்து 0.224 இற்கு இறங்குகிறது.

இறுதிப் பெறுமானத் தேற்றத்தைத் தாளில் எழுதும்போது அதன் நிபந்தனையையும் அதே வரியில் எழுதுங்கள்: `sF(s)` இன் முனைவுகள் எல்லாம் இடது அரைத்தளத்தில் இருக்க வேண்டும். வெறும் சைனுக்கு இந்தத் தேற்றத்தைப் போட்டால் பூச்சியம் என்று பதில் வரும், சைனோ எங்கும் நிற்பதில்லை. நிலையற்ற தொகுதிக்குப் போட்டாலும் ஓர் அழகான முடிவுள்ள எண் கிடைக்கும். சூத்திரம் தானாக எச்சரிக்காது.

இந்தத் தாள் முழுவதும் நேர்கோட்டுத் தொகுதிகளுக்கு மட்டும். பெருக்கியின் வழங்கல் 24 வோல்ற் என்றால் எது வரை அது செல்லுபடியாகும் என்பதையும் அட்டவணையே சொல்லும். மோட்டாருக்குப் போகும் சமிக்ஞை `M = s(s+2)C`. ஒரு ரேடியன் ஸ்டெப்புக்கு அது `20(s+2)/((s+2)^2+16)`, அப்படியே கோசைன் வரி. ஆகவே `m(t) = 20 e^(-2t) cos 4t`, உச்சம் தொடக்கத்திலேயே 20 வோல்ற். 1.2 ரேடியன் கேட்டால் 24 வோல்ற். அதற்கு மேல் கேட்டால் பெருக்கி வெட்டிவிடும், பெட்டியில் இருக்கும் 20 இனி 20 அல்ல. அந்தப் பெட்டியைத் தாண்டிக் கூட்டும் புள்ளியை நகர்த்தும் விதியும் அந்த நேரத்தில் பொருந்தாது. அளந்து பார்த்தால் தண்டு தாளிலுள்ள கோட்டைவிட மெதுவாக எழும்பும்.